வெளிநாட்டுப் பணம் யார் கணக்கில் வருகிறது? கிராமத்துக் குடும்பங்களில் உறவுகளைப் புரட்டிப்போடும் கேள்வி

"அவங்களுக்கென்ன, பையன் துபாய்ல இருக்கான்."

சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கத்து ஊர்களில் டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இந்த வார்த்தை காதில் விழும். வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா என்று வேலைக்குப் போனவர்கள் அனுப்பும் பணத்தில்தான் இங்கே பல தெருக்களில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகள் ஆகியிருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்புப்படி, இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் சுமார் 10 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வருகிறது. மகாராஷ்டிரா, கேரளாவுக்கு அடுத்து மூன்றாவது இடம்.

எவ்வளவு பணம் வருகிறது என்பதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் ஒரு குடும்பத்துக்குள் யார் பேச்சு எடுபடும், யார் ஒதுங்கி நிற்பார், பத்து வருடம் கழித்து யார் கோர்ட் படி ஏறுவார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தொகை அல்ல. அந்தப் பணம் யார் கணக்கில் வந்து விழுகிறது, அதில் வாங்கியது யார் பெயரில் இருக்கிறது என்பதுதான்.

இதைப் புரிந்துகொள்ள, கணக்குக்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சிவகங்கைப் பக்கம் ஒரு மானாவாரி கிராமம். அப்பா, அம்மா, விவசாயம் பார்க்கும் மூத்த மகன், கல்யாணமாகாத மகள். இளைய மகன் துபாய்க்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போகிறார். அவருடைய மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

முதல் வருடம்: ஊர் பார்ப்பது சம்பாத்தியம், வீட்டில் இருப்பது கடன்

பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. இதுதான் சட்டம். ஆனால் நடைமுறையில் சப்-ஏஜெண்ட் கைக்குப் போகும் தொகை இதைவிடப் பல மடங்கு இருப்பது சாதாரணம். நம் இளைய மகனுக்கு மொத்தச் செலவு 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 3 ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார்கள். அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம்.

அங்கே சம்பளம் 1,500 திர்ஹம். தங்குமிடம் கம்பெனி கொடுக்கிறது. சாப்பாடு, போன், கைச்செலவு போக 1,000 திர்ஹம் அனுப்பினால், ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்ற கணக்கில் மாதம் 23,000 ரூபாய் வரும். வீட்டுச் செலவுக்கு 10,000 எடுத்துவிட்டு மீதி 13,000-ஐ அப்படியே கடனுக்குக் கட்டினாலும், வட்டியும் அசலும் தீர 11 மாதம் ஆகும்.

ஆக, முதல் வருடம் கையில் ஒன்றும் நிற்காது. ஆனால் ஊர் அப்படிப் பார்ப்பதில்லை. விமானம் ஏறிய மறுநாளே அது "துபாய்க்காரர் வீடு" ஆகிவிடுகிறது. கைமாற்று கேட்டு வருகிறார்கள். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை நோட்டு முதலில் அந்த வீட்டுக்கு வருகிறது.

இதில் உடனடியாகக் கூடுவது மொய். அதுவரை 200 ரூபாய் எழுதிய வீடு இப்போது 1,000 எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். குறைத்து எழுதினால் "காசு வந்ததும் கை சுருங்கிருச்சு" என்று பேச்சு வரும். அக்கா, தங்கை பிள்ளைகளின் காதுகுத்துக்கும் சடங்குக்கும் தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவரே வெளிநாட்டில் இருந்தால், அண்டா குண்டாவோடு நிற்காது, தங்கமாகத்தான் எதிர்பார்ப்பார்கள். இப்படிக் கிடைக்கும் மரியாதைக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு விலை இருக்கிறது. அந்தச் செலவு பற்றி அனுப்புகிறவருக்குப் பல நேரம் போனில் சொல்வதுகூட இல்லை.

பணம் அப்பா கணக்கில் வந்தால்

கல்யாணமாகாதவர் வெளிநாடு போனால் பணம் அப்பா அல்லது அம்மா கணக்குக்குத்தான் வரும். அதில் பெரிய குழப்பம் இல்லை. கல்யாணமானவர் போகும்போதுதான் கேள்வி எழுகிறது.

நம் உதாரணத்தில் பணம் அப்பா கணக்கில் வருகிறது. குழந்தைக்குப் பால் பவுடர், தனக்கு மருந்து, அம்மா வீட்டுக்குப் போக பஸ் காசு என்று எல்லாவற்றுக்கும் மருமகள் மாமனாரிடமோ மாமியாரிடமோ கேட்க வேண்டும். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் கணவன் ஊரில் இருந்தபோது அவள் அவனிடம் கேட்டாள். இப்போது மூன்றாவது ஆளிடம் கேட்கிறாள். அவளைப் பொறுத்தவரை, கணவன் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அவள் நிலை ஒரு படி இறங்கியிருக்கிறது.

இதிலே இன்னொரு விஷயமும் உண்டு. பல வீடுகளில் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் வந்திருக்கும். வட்டிக்கடைக் கடனை முதலில் அடைப்பார்கள், ஏனென்றால் கடன்காரர் வாசலில் வந்து நிற்பார். நகை "வீட்டுக்குள்ள இருக்கிற கடன்" என்பதால் தள்ளிப்போகும். "என் சங்கிலி எப்ப வரும்?" என்ற கேள்வி போனில் வரும் முதல் சண்டையாக இருப்பது தற்செயல் இல்லை.

போன் பேசுவதிலும் கணக்கு இருக்கிறது. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்கு நீண்ட காலமாகக் கட்டுப்பாடு இருப்பதால், அனுமதி உள்ள 'போட்டிம்' போன்ற ஆப்களில்தான் பலரும் பேசுகிறார்கள். வேலை முடிந்து அறைக்கு வந்து, சமைத்துச் சாப்பிட்டுப் பேச ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். அந்த ஒரு மணி நேரத்தில் முதலில் யாருக்குப் போன் போகிறது, யார் சொன்ன கதையை அவர் முதலில் கேட்கிறார் என்பதே வீட்டில் ஒரு போட்டியாகிவிடும்.

மனைவி கணக்கில் வந்தால்

சில மாதங்களில் கணவன் பணத்தை மனைவி கணக்குக்கு மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது படம் தலைகீழாகிறது. வங்கிக்குப் போவது, நகையை மீட்பது, ஸ்கூல் பீஸ் கட்டுவது, கொத்தனாருக்கு வாரக்கூலி எண்ணிக் கொடுப்பது எல்லாம் அவள் கையில். கேரளாவில் வளைகுடா போனவர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர் லீலா குலாத்தி 1993-ல் வெளியிட்ட புத்தகம், கணவன் இல்லாத வீடுகளில் பெண்கள் பணம், சொத்து, வெளிவேலைகளைக் கையாளப் பழகிக்கொண்டதை விரிவாகப் பதிவு செய்தது.

ஆனால் கணவன் வெளிநாடு போனாலே மனைவிக்கு அதிகாரம் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. சோனால்டே தேசாய், மஞ்சிஷ்டா பானர்ஜி என்ற இரு ஆய்வாளர்கள் அகில இந்திய அளவிலான ஒரு கணக்கெடுப்பை வைத்து 2008-ல் இதைத்தான் சோதித்தார்கள். புருஷன் வெளியூரில் இருக்கும் பெண்களில், தனியாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சுமையும் கூடுகிறது, முடிவெடுக்கும் சுதந்திரமும் கூடுகிறது. மாமனார் மாமியாரோடு கூட்டுக்குடும்பத்தில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டுமே அவ்வளவாக மாறுவதில்லை. அதாவது, யாரோடு இருக்கிறாள் என்பதுதான் முக்கியம்.

கிராமத்தில் "பணம் வந்ததும் தனிக்குடித்தனம் போயிட்டா" என்று மருமகளைக் குறை சொல்வதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அவள் கேட்பது தனி அடுப்பு மட்டும் இல்லை. கணவன் சம்பாத்தியம் தன் கைக்கு வர அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

இதற்கு நேர்மாறான ஊர்களும் தமிழ்நாட்டிலேயே உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை முஸ்லிம் ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து, கல்யாணத்துக்குப் பிறகும் அவளைத் தாய் வீட்டுப் பக்கமே வைத்துக்கொள்வது பழைய வழக்கம். மாப்பிள்ளைதான் அங்கே வருவார். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன ஊர்கள் இவை. கணவன் வருடக்கணக்கில் ஊரில் இல்லாவிட்டாலும், மனைவி தன் அம்மா, அக்கா தங்கைகளோடுதான் இருப்பாள். பிரிவின் வலி அங்கேயும் அதேதான். ஆனால் பால் பவுடருக்கு மாமியாரிடம் கை நீட்டும் நிலை அங்கே குறைவு.

ஊரில் இருக்கும் அண்ணன்: கணக்கில் வராத உழைப்பு

இந்தக் கதையில் யாரும் பேசாத ஆள் மூத்த மகன். தம்பி போவதற்கு முன் அவர்தான் வீட்டின் இரண்டாவது குரல். அப்பாவுக்குப் பிறகு அவர் என்பது எழுதாத விதி.

இப்போது தம்பி மாதம் 23,000 அனுப்புகிறார். அண்ணன் வயலைப் பார்க்கிறார், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார், தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க அலைகிறார், தம்பி வீடு கட்டும்போது சிமெண்ட் இறக்குவதற்கும் சென்ட்ரிங் போடுவதற்கும் பக்கத்தில் நிற்கிறார். இது எதற்கும் ரசீது இல்லை. தம்பி பணத்துக்கு ஒவ்வொரு மாதமும் பாஸ்புக்கில் வரி விழுகிறது.

பிற்பாடு சண்டை வரும்போது இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். "எல்லாம் என் காசு" என்பார் தம்பி. "நான் இல்லாம ஒரு செங்கல் ஏறியிருக்குமா?" என்பார் அண்ணன். ஒருவர் பணமாகவும் மற்றவர் நாளாகவும் கணக்கு வைத்திருப்பதால், இரண்டும் ஒரே தராசில் ஏறுவதில்லை. சில குடும்பங்கள் இதை முன்கூட்டியே சரிசெய்கின்றன. வீடு கட்டும் மாதங்களுக்கு அண்ணனுக்கு ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்க ஒட்டாத மாதிரி இருந்தாலும், பின்னால் வரும் கசப்பை அது பெரிதும் குறைக்கிறது.

17 லட்சம் வீட்டில் 4 பங்கு: கணக்கு எப்படித் தவறுகிறது?

நம் உதாரணத்தைத் தொடர்வோம். இரண்டாவது, மூன்றாவது வருடச் சேமிப்பு தங்கை கல்யாணத்துக்குப் போகிறது. மாதம் 13,000 வீதம் 24 மாதத்துக்குச் சுமார் 3 லட்சம். நாலாவது வருடத்தில் சம்பளம் 2,000 திர்ஹம் ஆகிறது. 1,500 அனுப்புகிறார், அதாவது 34,500 ரூபாய். வீட்டுச் செலவு 14,000 போக மாதம் 20,500 மிஞ்சுகிறது. பத்தாவது வருட முடிவில், அந்த ஏழு வருடத்தில் சேர்ந்தது சுமார் 17 லட்சம். அது முழுவதும் வீடாகிறது.

எங்கே கட்டினார்? அப்பா பெயரில் இருந்த மனையில். "நமக்குள்ள என்ன" என்று யாரும் எழுத்து வேலை எதுவும் செய்யவில்லை.

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். மனை அவருடைய சொந்தச் சொத்து. இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி அது அம்மா, இரண்டு மகன்கள், மகள் என நாலு சமப் பங்காகும். மேலே நிற்கும் வீட்டுக்குத் தனியாக எழுத்து எதுவும் இல்லாததால் அதுவும் மனையோடு சேர்ந்தே பேசப்படும். 17 லட்சம் போட்டவர் கைக்கு வருவது நாலில் ஒரு பங்கு. மீதிக்கு அவர் மற்றவர்களின் மனசாட்சியை நம்ப வேண்டும், அல்லது வருடக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டும். முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்கு கணக்கு வேறு. ஆனால் அடிப்படைப் பிரச்சினை ஒன்றே: மண் யார் பெயரில் இருந்ததோ அவருடைய வாரிசுகளுக்குத்தான் போகும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. அஸ்திவாரம் தோண்டும் முன்பே, வீடு வரப்போகும் அந்த சில சென்ட் இடத்தை அப்பா செட்டில்மெண்ட் பத்திரம் மூலம் மகனுக்கு எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட்டுக்கு முத்திரைக் கட்டணம் விற்பனைப் பத்திரத்தைவிட மிகக் குறைவு.

வயல் வாங்கும்போது இன்னொரு சிக்கல்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வெளிநாடு வாழ் இந்தியர் என்ற நிலையில் இருக்கும்வரை, அந்நியச் செலாவணி விதிகளின்படி அவர் விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீட்டு மனை, பிளாட் வாங்கத் தடை இல்லை.

அதனால் வயல் எப்போதும் ஊரில் இருப்பவர் பெயரில்தான் வாங்கப்படுகிறது. அப்பா, அண்ணன், சில நேரம் மச்சான். இங்கே பினாமி சட்டம் குறுக்கே வருகிறது. தெரிந்த வருமானத்தில் மனைவி அல்லது பிள்ளைகள் பெயரில் வாங்கினால் அதற்கு விலக்கு உண்டு. அண்ணன், தம்பி, பெற்றோர் பெயரில் என்றால், பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டு உரிமையாளராக இருந்தால்தான் அந்த விலக்கு. வயலில் உங்கள் பெயரைச் சேர்க்கவும் வழியில்லை. அண்ணன் பெயரில் மட்டும் வாங்கிவிட்டுப் பின்னால் "அது என் காசு" என்று கோர்ட்டுக்குப் போனால், பினாமிச் சொத்துக்கு அப்படி உரிமை கோரவே முடியாது என்று சட்டம் கதவைச் சாத்திவிடும்.

மருமகள் பெயரில் வயல் வாங்குவதை மாமியார் சந்தேகத்தோடு பார்ப்பது வழக்கம். ஆனால் சட்டப்படி பார்த்தால், ஊரில் இருக்கும் மனைவி பெயரில் வங்கி வழியாக வந்த பணத்தில் வாங்குவதுதான் குறைந்த சிக்கல்.

உண்டியல் வழியாக அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. ரேட் கொஞ்சம் கூடக் கிடைக்கும், ஆள் வீடு தேடி வந்து பணம் கொடுப்பார் என்று பலர் அதில் போடுகிறார்கள். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். பத்து வருடம் அனுப்பியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது என்பது மறுபக்கம். வங்கி அல்லது எக்ஸ்சேஞ்ச் ரசீதுதான் நாளைக்குப் பேசும் சாட்சி.

சிக்கல் வருவதை எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது?

சில அறிகுறிகள் சாதாரணமானவை. அனுப்பியதில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் "எல்லாம் இருக்கு, நீ கவலப்படாத" என்று மட்டும் பதில் வரும். வீட்டு வரி ரசீதும் கரண்ட் கனெக்‌ஷனும் வேறு யார் பெயரிலோ இருக்கும். கொடுத்த 'பவர்' எதற்கு என்றே மறந்துபோயிருக்கும்.

அங்கிருந்தே செல்போனில் சரிபார்க்கலாம். பட்டா யார் பெயரில் என்பதை eservices.tn.gov.in தளத்தில் பார்க்கலாம். வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இடத்தை யாராவது விற்றிருந்தாலோ பத்திரப் பதிவாக அடமானம் வைத்திருந்தாலோ அதில் தெரியும்.

பணம் அனுப்பும் முறையிலும் ஒரு சின்ன மாற்றம் போதும். மொத்தத்தையும் ஒரே கணக்கில் போடாமல் மூன்றாகப் பிரிக்கலாம். வீட்டுச் செலவு மனைவி கணக்குக்கு, அப்பா அம்மாவுக்கென்று ஒரு நிலையான தொகை அவர்கள் கணக்குக்கு, மீதி சேமிப்பு உங்கள் சொந்த என்ஆர்இ கணக்குக்கு. இதில் பெற்றோர் மருமகளிடமோ மருமகள் பெற்றோரிடமோ கேட்க வேண்டிய தேவை இருக்காது. பாதிச் சண்டை அங்கேயே நின்றுவிடும்.

நாமினி விஷயத்தையும் கவனியுங்கள். வங்கியில் நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர், அவ்வளவுதான். உயில் இல்லாவிட்டால் பணம் சட்ட வாரிசுகளுக்குத்தான் சேரும். இந்துக் குடும்பத்தில் அது மனைவி, பிள்ளைகள், அம்மா. இந்த முதல் வரிசையில் அப்பா இல்லை. கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினியை மாற்றாமல் விட்டவர்களின் குடும்பங்களில்தான் துக்க வீட்டிலேயே தகராறு ஆரம்பிக்கிறது.

திரும்பி வரும் நாள்

பத்து, பதினைந்து வருடம் கழித்து அவர் ஊருக்கே வந்துவிடுகிறார். முதல் மாதம் விருந்து. மூன்றாவது மாதத்தில் "எப்பப் போறீங்க?" என்ற கேள்வி வருகிறது. ஆறாவது மாதத்தில் மொய் 1,000 எழுதுவது கஷ்டமாகிறது. ஆனால் குறைக்க முடிவதில்லை.

வீட்டுக்குள்ளும் அவர் புது ஆள். மனைவி பத்து வருடம் தனியாகவே முடிவெடுத்துப் பழகியிருக்கிறாள். பிள்ளைக்கு அப்பா என்றால் போன் திரையில் தெரிந்த முகம். அவர் திடீரென்று கணக்குக் கேட்டால் அது சந்தேகமாகத் தெரிகிறது. கேட்காமல் இருந்தால் வீட்டில் தனக்கு இடமில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது.

இந்த நாளில் அவருக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்பது, ஊருக்கு எவ்வளவு நன்கொடை கொடுத்தார் என்பதைப் பொறுத்து இருப்பதில்லை. தன் பெயரில் ஒரு மனை, தன் கணக்கில் ஒரு சேமிப்பு, இரண்டையும் பற்றி முழுதும் தெரிந்த மனைவி, உழைப்புக்கு உரியது கிடைத்த அண்ணன் - இவ்வளவும் இருந்தால் அவர் இன்னொரு விசாவுக்கு அலைய வேண்டியதில்லை. இல்லையென்றால், ஐம்பது வயதில் மறுபடியும் அதே ஏஜெண்ட் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.